சுவர்ப் படத்தில் நியோன் பலகை: வெளிச்சம் சுவரில் விழாமல் போன அனுபவங்கள்

ஹட்டன் படக்கடை

கடந்த மாதம் நடந்த ஒன்று இன்னும் மனத்தை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். எங்கள் தெருவில் தேநீர்க் கடை நடத்தும் முதலாளி, கடையின் பெயரை இளஞ்சிவப்பு நியோனில் செய்யக் கொடுக்கும் முன்னர், அது சுவரில் எப்படித் தெரியும் என்று படமாகப் பார்க்க விரும்பினார். பிற்பகல் மூன்று மணிக்கு முகப்பைப் படம் பிடித்தேன். வெளிர் நீலச் சுவர், அதில் மழைநீர் வழிந்த கறை, இடப்புறம் கரும்பச்சை மரக்கதவு, மேலே தகரத் தாழ்வாரம், கீழே சீமெந்துப் படி. போட்டோஷொப்பில் Curves கொண்டு படத்தை இரவாக்கி, எழுத்துகளுக்கு Outer Glow கொடுத்து, பெரிய மென்மையான தூரிகையால் இளஞ்சிவப்பை Screen நிலையில் சுவரிலும் கதவிலும் பூசினேன். எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

அவர் அச்சுப் படத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “தம்பி, பலகை எரிகிறது, ஆனால் சுவருக்கு அது தெரியவில்லையே” என்றார். உற்றுப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. எழுத்தைச் சுற்றிச் சுவரின் கறையும் பூச்சின் சொரசொரப்பும் மறைந்து, இளஞ்சிவப்புப் புகை ஒன்று சுவருக்கு முன்னால் மிதந்தது. இதே இடத்தில் சறுக்கியவர்கள் உங்களில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதுளை அல்பம்

இருக்கிறேன். திருமண அல்பங்கள் செய்த காலத்தில் ஒரு விடுதியின் செங்கல் சுவரில் நீல நிறப் பலகை வைத்துக் கொடுத்தேன். செங்கற்களுக்கு இடையிலுள்ள கோடுகள் பலகையின் அருகில்தான் மிகத் தெளிவாகத் தெரிய வேண்டும். என் படத்திலோ அங்கேதான் அவை காணாமற்போயிருந்தன. அந்தப் படத்தை இப்போது பார்த்தாலும் முதலில் என் கண் அங்கேதான் போகிறது.

தம்பி, Screen மேல் பழி போடாதீர்கள். வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடுவதற்கு அந்த நிலை ஏற்றதுதான். அதில் எதை வைத்தீர்கள் என்பதே கேள்வி. நீங்கள் வெறும் இளஞ்சிவப்பை வைத்தீர்கள். ஆகவே கறை படிந்த இடத்திலும் படியாத இடத்திலும் ஒரே அளவு நிறம் கூடியது. உண்மையில் கறுத்த கறை எந்த ஒளியையும் குறைவாகவே திருப்பித் தரும். நியோன் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரின் நிறத்தோடு பெருக்கப்படுகிறது. அப்படிப் பெருக்கி வந்ததையே இருட்டுப் படத்தோடு கூட்ட வேண்டும்.

நான் இப்போது செய்யும் முறை இதுதான். அடியில் இருட்டாக்கிய சுவர் இருக்கும். அதன் மேல் இருட்டாக்காத அதே சுவரின் பிரதி ஒன்றை வைப்பேன். அந்தப் பிரதிக்கு மட்டும் படுமாறு, இளஞ்சிவப்பு Solid Color ஒன்றை Multiply நிலையில் பிணைப்பேன். இரண்டையும் ஒரு குழுவாக்கி, குழுவை Screen நிலைக்கு மாற்றி, அதற்குக் கறுப்பு மாஸ்க் போடுவேன். பிறகு எழுத்துகளின் வடிவத்தையே வெள்ளையாக மாஸ்க்கில் இட்டு Gaussian Blur கொடுத்தால், எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே சுவர் தன் கறையோடும் கீறலோடும் எழுந்து வரும். தூரிகையால் நிறம் பூசுவதே இல்லை.

கதவில் வித்தியாசம் உடனே தெரியும். உங்கள் இளஞ்சிவப்பு 255, 40, 120 என்று வைத்துக்கொள்வோம். வெளிர் நீலச் சுவர் 170, 195, 205 என்றால் பெருக்கலில் 170, 31, 96 வரும். நல்ல ஊதா கலந்த சிவப்பு. கரும்பச்சைக் கதவு 40, 90, 55 என்றால் 40, 14, 26 தான் வரும். கதவு ஏறக்குறைய கறுப்பாகவே நிற்கும். நீங்கள் சுவரும் கதவும் ஒரே அளவு சிவக்கப் பூசியிருப்பீர்கள். சுவருக்கு அது தெரியவில்லை என்று அவர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தலவாக்கலை

எனக்கும் ஒரு கோவில் திருவிழா அறிவித்தலில் இதே சிக்கல் வந்தது. பதுளை ஐயா சொல்லும் குழுவெல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். எழுத்தின் நடுவில் தொடங்கி, தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் காற்பங்காகும்படி ஒரு வட்ட Gradient போட்டால் போதும். நான் அப்படியே செய்தேன். ஒரேயொரு குறை, நீளமான பெயருக்கு வட்டம் பொருந்தவில்லை. நடு எழுத்து பிரகாசமாகவும் ஓரத்து எழுத்துகள் மங்கலாகவும் வந்தன. அதை நீள்வட்டமாக இழுத்துச் சரிசெய்துவிட்டேன். மேலும், படம் எடுத்த கமராவை முக்காலியில் வைத்து இரவிலேயே எடுத்துவிட்டால் இருட்டாக்கும் வேலையும் மிச்சமாகும். பகலில் எடுத்துவிட்டு ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

நுவரெலியா பேக்கரி

எங்கள் பேக்கரியில் இரண்டு ஆண்டுகளாக நியோன் பலகை இருக்கிறது. இங்கே நல்ல ஆளைப் பிடித்துப் பலகை செய்வது பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து வந்தேன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும்: மழைப்பக்கச் சுவரில் மாட்டாதீர்கள், வயர் சேரும் இடத்தில் ஈரம் இறங்கும். எங்களுடையது கண்ணாடிக் குழாய் அன்று, எல்ஈடி பொதிந்த ரப்பர் போன்ற குழாய். இப்போது நியோன் என்று விற்பவற்றில் பல அந்த வகைதான்.

நீங்கள் பேசுவது கணினிப் படத்தைப் பற்றி என்று பிறகுதான் புரிந்தது. இருந்தாலும் நான் இரவில் கடை பூட்டும்போது பார்ப்பதைச் சொல்கிறேன். தாழ்வாரத் தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் சிவப்பாக இருக்கும். மேற்பக்கத்தில் துளியும் இராது. அலைத்தகரத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் பலகையைப் பார்த்திருக்கும் பக்கம் மட்டும் ஒளிரும், மறுபக்கம் கறுப்பு. மழை பெய்த இரவில் படிக்கட்டில் எழுத்துகள் தலைகீழாக நீண்டு இறங்கும். பனிமூட்டம் இறங்கிய இரவில் பலகையைச் சுற்றிக் காற்றே சிவந்து நிற்கும். சுவர்க் கறை அப்போது எங்களுக்கும் தெரியாது. ஹட்டன் தம்பியின் முதலாளி குறை சொன்ன அந்தப் புகை, எங்கள் ஊரில் ஆனி ஆடியில் உண்மையாகவே இருப்பதுதான்.

பதுளை அல்பம்

பேக்கரி அண்ணன் சொன்ன தகரத்தின் மடிப்பு மிக முக்கியமானது, அதற்கு நன்றி. மாஸ்க்கை மங்கலாக்கினால் மட்டும் அது வராது. எந்த முகம் பலகையைப் பார்க்கிறது என்று நாமே பார்த்து, மறுபக்கங்களை மாஸ்க்கில் கறுப்பாக்க வேண்டும். கதவு நிலையின் பக்கவாட்டுக்கும் இதே விதி. பனிமூட்டம் வேண்டுமென்றால் வெறும் நிறத்தை மெல்லியதாக Screen நிலையில் வைப்பதும் சரியே. ஆனால் அப்போது படம் முழுவதிலும் பனி இருக்க வேண்டும், பலகையைச் சுற்றி மட்டும் இருக்கக் கூடாது.

தலவாக்கலைத் தம்பிக்கு: வர்க்க விதி ஒரு புள்ளி விளக்குக்கு உரியது. குழாய் ஒரு நீண்ட கோடு. அது சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது என்றால், குழாய்க்கு நேர் பின்னால் சுவரில் விழும் ஒளியை ஒன்று என்று கொள்ளுங்கள். பக்கவாட்டில் 5 சென்ரிமீற்றரில் அது பாதியாகும், 10 இல் ஐந்தில் ஒன்று, 15 இல் பத்தில் ஒன்று. அதாவது குழாயை ஒட்டி ஒளி திடீரென விழுந்து, பிறகு மெல்லிய வால் ஒன்று நெடுந்தூரம் போகிறது. உங்கள் நீள்வட்டத்தில் அந்தத் திடீர் வீழ்ச்சி எழுத்தின் வளைவுகளைப் பின்தொடராது.

ஹட்டன் தம்பியின் படத்தில் கதவின் அகலம் 90 சென்ரிமீற்றர் என்றும், படத்தில் அது 900 புள்ளிகள் என்றும் இருந்தால், 5 சென்ரிமீற்றர் என்பது 50 புள்ளி. அப்போது 40 புள்ளி மங்கலில் ஒன்று, 120 இல் ஒன்று, 350 இல் மிக மெலிதாக ஒன்று என்று மூன்று மங்கல்களை அடுக்குவேன். ஒரே மங்கல் அருகிலும் தூரத்திலும் ஒருசேரப் பொருந்தாது. இன்னொன்று, பாதி ஒளி என்பது திரையில் 128 அன்று, ஏறக்குறைய 188. பத்தில் ஒரு பங்குகூட 89 அளவில் இருக்கும். ஆகவே வால் பகுதியை அவசரப்பட்டுக் கறுப்பாக்கிவிடாதீர்கள்.

இரவில் எடுக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. இரவுப் படத்தில் சுவரின் கறை இருட்டுக்குள்ளேயே போய்விடும். பெருக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிற்பகல் வெயிலும் வேண்டாம். தாழ்வாரத்தின் நிழல் சுவரில் கறுப்பாக விழுந்திருக்கும், நியோன் ஒளியிலும் அந்த நிழல் அப்படியே வந்து நிற்கும். நம் ஊரில் மூட்டமான காலை கிடைப்பது ஒரு வரம். அந்த நிழலற்ற வெளிச்சத்தில் எடுங்கள்.

பண்டாரவளை எழுத்து

பெயர்ப்பலகை எழுதும் குடும்பம் எங்களுடையது. என் மனத்தை உறுத்துவது ஒளி அன்று, எழுத்து. ஒருவர் கொண்டுவந்த படத்தில் ‘க’ வின் கிடைக்கோடு தடித்தும் செங்குத்துக் கோடு மெலிந்தும் இருந்தது. குழாய் எங்கும் ஒரே தடிமன். அச்செழுத்தை அப்படியே ஒளிரவைத்தால் அது குழாயாகத் தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளியை அவர் நிறைந்த வட்டமாக வைத்திருந்தார். குழாயில் அது ஒரு சிறு வளையமாகவோ சிறு துண்டாகவோதான் வரும், அதற்கும் மின்சாரம் போக வழி வேண்டும். எழுத்துக்கு எழுத்து போகும் குழாயில் கறுப்பு வர்ணம் பூசி மறைப்பார்கள். படத்தில் அந்தக் கறுப்புத் துண்டுகளை வைத்தால்தான் என் கண் நம்பும்.

குழாயின் நடுவை எல்லோரும் வெள்ளையாக்குகிறார்கள், அதுவும் எனக்கு உடன்பாடில்லை. நேரில் பார்க்கும்போது நடுவும் நிறமாகவே தெரிகிறது.

தலவாக்கலை

அக்கா, கமராவில் நடு வெள்ளையாகத்தான் விழும். நாம் செய்வது புகைப்படம்.

ஹட்டன் படக்கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மூட்டத்தில் மறுபடி எடுத்தேன். குழுவும் மூன்று மங்கலும் பதுளை ஐயா சொன்னபடி செய்தேன். முதல் தடவையாகச் சுவர்க்கறை எழுத்தின் அருகில் சிவந்து நின்றது. கதவு கறுப்பாகப் போனபோது எங்கோ தவறிவிட்டது என்று எண்ணி இருமுறை சரிபார்த்தேன். கதவின் பித்தளைக் கைப்பிடியில் மட்டும் ஒரு மின்னல் விழுந்திருந்தது. தகர மடிப்புகளைக் கையால் மறைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பெரிய மங்கலின் ஓரத்தில் அச்சில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிந்ததால், மாஸ்க்கில் மிகச் சிறிது Add Noise சேர்த்து, கோப்பையும் 16 பிட்டுக்கு மாற்றினேன்.

குழாயின் நடுவை வெள்ளையாக ஒரு படமும் இளஞ்சிவப்பாக ஒரு படமும் அச்சிட்டு முதலாளியிடம் கொடுத்தேன். இரண்டிலும் சுவரைத்தான் அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளை நடுவுள்ளதை மேசையில் வைத்துவிட்டு மற்றதை வீட்டாருக்குக் காட்டக் கொண்டுபோனார். படியில் விழும் ஒளி மட்டும் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை. காய்ந்த சீமெந்தில் அது எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று பேக்கரி அண்ணன் மழையில்லாத இரவொன்றில் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.