பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரிக்கு என்ன சொல்?

வாசுகி:
குழுவினருக்கு வணக்கம். பெர்லினில் நண்பர் ஒருவரின் உணவகத்துக்கு ஜெர்மனில் மெனு எழுதித் தருகிறேன். பண்டத்தின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வருமே, அதற்குத் தமிழில் சொல் வேண்டும். 'சுவைவரி' சரியா?

அந்த வரி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ரசமே சாட்சி. பழைய மெனுவில் 'பருப்பு சூப்' என்று போட்டிருந்தார்கள். அங்கே பருப்பு சூப்பான லின்சன்சுப்பே என்றால் கெட்டியாக, கிழங்கும் கேரட்டுமாக இருக்கும். ரசத்தைப் பார்த்தவர்கள் தண்ணீர் ஊற்றிவிட்டீர்களா என்று கேட்டார்கள். சமையற்காரரும் பருப்பைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் அது சாம்பாருக்குத் தம்பியாகிவிட்டது. இப்போது பெயரை ரசம் என்றே விட்டு, 'புளி, தக்காளி, மிளகு சேர்ந்த தெளிந்த சாறு. தொண்டையில் காரம் நிற்கும். சோற்றில் ஊற்றலாம், குடிக்கவும் செய்யலாம்' என்று எழுதியிருக்கிறேன்.

இளங்கோ:
மெனுவுக்குத்தான் 'உணவுப் பட்டியல்' இருக்கிறதே, புதிதாக எதற்கு?

தர்மா:
தம்பி, அவர் கேட்டது பட்டியலுக்கு இல்லை. ஆனால் 'சுவைவரி' வேண்டாம், சுவைக்கும் வரி போட்டுவிட்டார்கள் என்பார்கள். 'பண்ட விளக்கம்' போதும். விளக்கம் இல்லாமல் போனதால்தான் நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் முல்லிகட்டானி சூப் ஆனது.

மீனாட்சி:
தர்மா அண்ணா, அங்கே பெயர் ஒட்டிக்கொண்டது, பண்டம்தான் மாறியது. வெள்ளைக்காரர் சாப்பாட்டில் முதலில் சூப் வர வேண்டும் என்பதால் அதில் இறைச்சி சேர்ந்தது. வாசுகியின் சமையற்காரர் செய்ததும் அதேதான்.

'விளக்கம்' என்றால் எழுதுகிறவர் நாலு வரி எழுதிவிடுவார். நான் பதினைந்து வருடம் சமையலறையில் நின்றவள். நாக்கில் முதலில் படுவது என்ன, எதோடு சாப்பிடுவது, இவ்வளவுதான் அங்கே இருக்க வேண்டும். வத்தக்குழம்பை 'காரக் கறி' என்றால் தனியாகக் கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உப்பும் புளிப்பும் தாங்காமல் வைத்துவிடுவார்கள். நான் எழுதியது: 'சுண்டக் காய்ச்சிய புளிக்குழம்பு, கசக்கும் சுண்டை வற்றலோடு. நல்லெண்ணெய் விட்ட சோற்றில் ஒரு கரண்டி பிசைந்தால் போதும்.' கசப்பை மறைக்கவே இல்லை. கசப்பு வேண்டாதவர் முதலிலேயே வேறு கேட்பார்.

என் வோட்டு 'உண்குறிப்பு'. ஒவ்வாமை விவரத்தை அதில் திணிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதி சொல்லும் 14 பொருள்களுக்கும் தனிக் குறியீடு இருக்கட்டும். அப்புறம் ரசத்துக்குப் பசையம் இல்லை என்று எழுதும் முன் பெருங்காய டப்பாவைப் பாருங்கள், பலதில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

வாசுகி:
டப்பாவைப் பார்த்தேன், கோதுமைதான்! 'உண்குறிப்பு' பிடித்திருக்கிறது. ஆனால் ஃபில்டர் காபிக்கு 'உண்' பொருந்துமா?

தர்மா:
குறளில் 'கள்ளுண்ணாமை' என்றே அதிகாரம் இருக்கிறது. கள்ளுக்குப் பொருந்துவது காபிக்குப் பொருந்தாதா?

இளங்கோ:
கேட்க ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. என் வோட்டு 'சுவைக்குறிப்பு'தான்.