கடை வாசல் வாழ்த்துப் பலகையில் என்ன எழுதலாம்? பாம்பன் முதல் தொண்டி வரை பார்த்தவை

பாம்பன் மளிகை: நம்ம கடைக்கு மூணு சமயத்துக்காரங்களும் வர்றாங்க. 2024-ல மார்ச் 29 பெரிய வெள்ளி, 31 ஈஸ்டர், ஏப்ரல் 11 பெருநாள், 14 சித்திரைப் பிறப்புன்னு வரிசையா வந்துச்சே, அந்த மாதிரி நேரத்துல "அனைத்து சமய அன்பர்களுக்கும் திருவிழா வாழ்த்துகள்"னு ஒரே பலகை வச்சா போதாதா?

கீழக்கரை அச்சகம்: வைக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா யாரும் தனக்குச் சொன்னதா எடுத்துக்கவும் மாட்டாங்க. கோபுரம், பள்ளிவாசல், சிலுவை மூணையும் வரிசையா அச்சடிச்ச பலகையைப் பார்த்தா தேர்தல் நேரம் ஞாபகம் வரும். அந்தந்த விழாவுக்கு, அந்த மக்கள் சொல்ற பேரை வச்சு, ரெண்டு வரி எழுதுங்க. எல்லா விழாவுக்கும் பலகை அளவும் எழுத்தளவும் ஒண்ணா இருக்கட்டும். தீபாவளிக்கு ஆறடி, பெருநாளுக்கு ஏ4 தாள்னு இருந்தா வாசகம் எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோசனமில்லை.

நீங்க சொன்ன 2024 வரிசையையே எடுத்துக்குவோம். பெரிய வெள்ளிக்கு வாழ்த்தே கிடையாது, அது துக்க நாள். "பெரிய வெள்ளியை முன்னிட்டு மதியம் 12 முதல் மாலை 5 வரை கடை இல்லை" போதும். ஈஸ்டர் பலகையை சனிக்கிழமை ராத்திரி கடை அடைக்கும்போது மாட்டுங்க. அதுவரைக்கும் தவக்காலம், முன்னாடியே மாட்டினா அவசரமாத் தெரியும். "உயிர்ப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்"னு எழுதினா தங்கச்சிமடம் பக்கத்துக்காரங்களுக்கு சொந்தமாத் தெரியும்.

பெருநாளுக்கு "நோன்பிருந்து பெருநாள் காணும் எங்கள் வாடிக்கையாளர் குடும்பங்களுக்கு நோன்புப் பெருநாள் நல்வாழ்த்துகள்." இதுல "நோன்பிருந்து"ங்கிறது அவங்களைக் குறிக்குது, உங்களை இல்லை. நோன்பு வைக்காத கடைக்காரர் "நாம் நோற்ற நோன்பை ஏற்றுக்கொள்வானாக"ன்னு எழுதுறப்பதான் பொய் தட்டுது. தேதியையும் அச்சடிக்காதீங்க. அந்த வருஷம் சவூதியில ஏப்ரல் 10, இங்கே 11. பிறை பார்த்த அறிவிப்பு வந்த பிறகு பலகையை மாட்டினா போதும்.

ஏர்வாடி ஜவுளி: இதுக்கு இவ்வளவு யோசனையா? "ஈத் முபாரக்" எல்லாத்துக்கும் பொருந்தும். அதையே வருஷம் முழுக்க வச்சுக்கலாம்.

கீழக்கரை அச்சகம்: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ரெண்டுக்கும் பொருந்தும்ண்ணே, அது சரி. நோன்பு ஆரம்பிக்கிற அன்னைக்கு அதைப் போட்டா, ஒரு மாசம் முன்னாடியே பெருநாள் கொண்டாடின மாதிரி ஆயிரும். அன்னைக்கு "ரமலான் முபாரக்". அரபில அச்சடிக்கணும்னா ஓதத் தெரிஞ்சவர்கிட்ட மாதிரித் தாளைக் காட்டுங்க. அரபி எழுத்துக்கு அமைக்காத மென்பொருள்ல எழுத்தெல்லாம் தனித்தனியா, இடமிருந்து வலமா விழும். அந்த மொழி தெரியாதவருக்கு அது சரியாத்தான் தெரியும்.

தங்கச்சிமடம் அக்கா: கடைப் பையில அச்சடிக்கிறதையும் சொல்லணும். காபா படம், மாதா படம், முருகன் படம் போட்ட பை மீன் சுத்தவும் போகுது, குப்பைக்கும் போகுது. பையில கடைப் பேரும் வாழ்த்தும் மட்டும் இருக்கட்டும்.

இன்னொண்ணு, சித்திரைப் பிறப்புக்கு "மீன்பாடு பெருகட்டும்"னு எழுதுற கடைகள் இருக்கு. மறுநாள் ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படகைக் கரையேத்தினவங்க வாசல்ல அதைப் படிச்சா எப்படி இருக்கும்? நாட்டுப்படகுக்காரங்களுக்குப் பொருந்தலாம். பொதுவா "புத்தாண்டு நல்வாழ்த்துகள்" போதும்.

ராமேஸ்வரம் பூஜைப் பொருள்: எங்க கடையில ஆடி அமாவாசைக்குத்தான் கூட்டம். எள்ளு, தர்ப்பை எல்லாம் இருக்கு. 10 சதவீதத் தள்ளுபடியையும் வாழ்த்தோட சேர்த்துப் போடலாமா?

தங்கச்சிமடம் அக்கா: தம்பி, அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம் கொடுக்க வர்றவங்களுக்கு "இனிய ஆடி அமாவாசை"யா? பெரிய வெள்ளிக்குச் சொன்னதுதான் இதுக்கும். வாழ்த்து வேண்டாம். "தர்ப்பணப் பொருட்கள் காலை 4 மணி முதல் கிடைக்கும்"னு எழுதுங்க, அவங்களுக்கு அதுதான் தேவை. தள்ளுபடியை எந்த விழாவுக்கும் தனித்தாள்ல, உள்பக்கம் கல்லாவுக்கு மேல ஒட்டுங்க. வாழ்த்துக்குக் கீழேயே விலை இருந்தா வாழ்த்தை யாரும் படிக்க மாட்டாங்க.

தொண்டி ஸ்டோர்: மீலாது நபிக்கு என்ன செய்றது? வாழ்த்துப் போட்டா அது மார்க்கத்துல இல்லைன்னு ஒருத்தர் சொல்றார். போடலைன்னா வருஷா வருஷம் மவ்லிது ஓதுற வீட்டுக்காரர் கேக்குறார்.

கீழக்கரை அச்சகம்: இங்கேயும் அதே கதைதான். அன்னைக்கு அரசு விடுமுறை, அதனால "மீலாது நபி: கடை விடுமுறை"ன்னு மட்டும் சில கடைகள் போடுது.

ஏர்வாடி ஜவுளி: நான் வாழ்த்துதான் போடுவேன். ஓதுற வீட்டுக்காரங்கதான் என் கடையில துணி எடுக்குறாங்க.

தொண்டி ஸ்டோர்: எனக்கு ரெண்டு பக்கமும் வாடிக்கைண்ணே.