உதவி: இந்தி அறிவிக்கையில் வரும் "அதிக்ரமண்", "லோப்" வரியை எளிய தமிழில் எப்படி எழுதுவது?

ரங்கூன் அலுவலகம்:
வணக்கம். வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டை பற்றி 2021 மார்ச் 4 தேதியிட்ட இந்திய உள்துறை அமைச்சக அறிவிக்கையின் இந்திப் பக்கங்கள் மட்டும் எங்கள் சங்கத்துக்கு வந்திருக்கின்றன. இங்கேயும் பெகுவிலும் உள்ள சங்க அலுவலகங்களில் ஒட்டுவதற்குத் தமிழ் வேண்டும். பழைய அறிவிக்கைகளின் எண்களைச் சொல்லிவிட்டு இப்படி வருகிறது:

"கே அதிக்ரமண் மே, உன் பாதோன் கே சிவாய், ஜின்ஹே ஐசே அதிக்ரமண் சே பூர்வ் கியா கயா ஹை யா கர்னே கா லோப் கியா கயா ஹை"

"முந்தைய அறிவிக்கைகளை மீறி, நீக்கப்பட்டவை தவிர" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. எப்படி எழுதுவது?

பெகு வாசகர்:
"மீறி" தப்பு. "முந்தைய அறிவிக்கைகள் ரத்து" என்று போட்டு விடுங்கள். மீதி எல்லாம் சட்டக்காரர்களுக்கான சடங்கு வார்த்தை, சுவரொட்டிக்கு வேண்டாம்.

மோல்மீன் அக்கா:
எங்களுக்கு பர்மியப் பிறப்புச் சான்றைத் தமிழாக்கி அத்தாட்சி வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கும் இதே மாதிரி எழுதினால் போதுமா தம்பி?

மொழிபெயர்ப்பாளர்:
அக்கா, அது வேறு வேலை. சான்றை வரிக்கு வரி அப்படியே பெயர்க்க வேண்டும், இங்கே சொல்வது போல எளிமைப்படுத்தக் கூடாது. தனியாகக் கேளுங்கள்.

ரங்கூன் அலுவலகத்துக்கு: முதலில் முழுக் கோப்பைத் தேடுங்கள். இந்திய அரசிதழில் இந்தி முன்னால் வரும், ஆங்கிலம் அதே கோப்பில் பின்னால் வரும். முதல் பக்கங்களை மட்டும் அனுப்பிவிடுவதால்தான் இந்தச் சிக்கல். egazette.gov.in தளத்தில் தேதியை வைத்துத் தேடுங்கள். எண் 1050. இந்தியில் "கா.ஆ." என்றிருப்பதும் ஆங்கிலத்தில் "எஸ்.ஓ." என்றிருப்பதும் ஒன்றுதான். எண்ணைப் பெயர்க்காமல் அப்படியே விடுங்கள்.

"மீறி" எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. இந்தியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றில் "தி", அதற்கு மீறுதல், ஆக்கிரமித்தல் என்று பொருள். மற்றதில் மூச்சு கலந்த "தி", அதற்குப் பழையதன் இடத்தில் புதியதை வைத்தல் என்று பொருள். உங்கள் வரியில் வருவது இந்த இரண்டாவது சொல். தமிழில் எழுதினால் இரண்டும் "அதிக்ரமண்" ஆகிவிடும். அதனால் பெயர்க்கும்போது தேவநாகரி எழுத்தையே பாருங்கள்: த என்பதற்கு त, மூச்சு கலந்ததற்கு ध.

"லோப்" என்றால் இங்கே நீக்கம் இல்லை, செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டது. "சிவாய்" என்றால் தவிர. அது முன்பு செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் காப்பாற்றுகிறது. ஆகவே பெகு நண்பர் சொன்னதில் பாதி சரி. "ரத்து" என்று மட்டும் போட்டால், பழைய விதிப்படி வாங்கிய பதிவும் செல்லாது என்று பயந்து ஆட்கள் வந்து நிற்பார்கள். பழைய காலத்தில் செய்யாமல் விட்ட கடமைக்குப் பொறுப்பு இனி இல்லை என்றும் சிலர் நினைப்பார்கள். இரண்டும் தவறு.

நான் ஒரே நீள வாக்கியத்தை உடைத்து இப்படி எழுதுவேன்:

"2005, 2007, 2009 ஆண்டுகளின் மூன்று அறிவிக்கைகளுக்குப் பதிலாக இந்த அறிவிக்கை வந்துள்ளது. இனி இதுவே நடைமுறை. ஆனால் பழைய அறிவிக்கைகள் நடப்பில் இருந்தபோது செய்தவற்றையும், செய்யாமல் விட்டவற்றையும் இந்த மாற்றம் பாதிக்காது."

அதன்பின்தான் உரிமைகளை எழுதுங்கள். வாழ்நாள் முழுதும் பலமுறை வந்துபோகும் விசா என்ற வரிக்குப் பின்னால் வரும் "பரந்து" என்ற இந்திச் சொல்லைத் தவறவிடாதீர்கள், "ஆனால்" என்று பொருள். அதைத் தொடர்வது விலக்கு: ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மலையேற்றம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். "ஆனால்" என்று புதிய வரியில் போடுங்கள், கண்ணில் படும்.

பெகு வாசகர்:
"ஆன்ஷிக் ஸன்ஷோதன் மே" என்று வந்தாலும் இதே மாதிரி எழுதலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
கூடாது. அங்கே பழையது உயிரோடு இருக்கிறது, ஒரு பகுதி மட்டும் மாறுகிறது. "முந்தைய ஆணையில் பின்வரும் திருத்தம் மட்டும் செய்யப்படுகிறது, மற்றவை அப்படியே தொடரும்" என்று எழுதுங்கள். "மற்றவை அப்படியே" என்பதை நாம் சேர்ப்பதுதான், ஆனால் படிப்பவருக்கு அது தேவை.

ரங்கூன் அலுவலகம்:
நன்றி அண்ணே. மூன்று வரியும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: முன்பே விண்ணப்பித்து இன்னும் முடிவு வராதவர்களுக்கு "பாதிப்பில்லை" என்று நாமே சேர்த்து எழுதலாமா? சங்கத்தில் கேட்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
வேண்டாம். விண்ணப்பித்தது "செய்தது" தான். ஆனால் அதன்மீது முடிவு எந்த விதிப்படி என்று இந்த ஒரு வரி தெளிவாகச் சொல்லவில்லை. மூலத்தில் இல்லாத உறுதியை அலுவலகச் சுவரில் நாம் தரக் கூடாது. தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலைத் தனித் தாளில் ஒட்டுங்கள்.

பெகு வாசகர்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டு வருபவர்களிடம் எதுவும் சொல்லாமல் விட்டால் வதந்திதான் பரவும். "கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை" என்றாவது ஒரு வரி இருக்க வேண்டும்.