வாட்ஸ்அப் குழுவைப் பழைய பேச்சோடு டெலிகிராமுக்கு மாற்ற முடியுமா?

செந்தில், மாரத்தஹள்ளி: எங்கள் அடுக்ககத் தமிழ்க் குழு 2019-லிருந்து வாட்ஸ்அப்பில் இருக்கிறது, தினம் நூறு செய்தி வரும். டெலிகிராமுக்குப் போனால் பழையதும் கூடவே வருமா?

கண்ணன், அல்சூர்: வராது. நாம் விட்டுப் போகக்கூடாதென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். போன் நம்பரை மட்டும் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்ற முடிகிறதே!

மீரா, ஜெயநகர்: நம்பர் வேறு, பேச்சு வேறு கண்ணன் சார். வாட்ஸ்அப் பேச்சு நம் போனிலேயே அதன் சொந்த வடிவத்தில் கிடக்கிறது, பேக்கப்புக்கும் தனிச் சாவி. டெலிகிராமோ தன் சர்வரில் வேறு மாதிரி அடுக்கி வைக்கிறது. யாருக்கு யார் பதில் போட்டார் என்பதைக்கூட ஆளுக்கொரு விதமாகக் குறிக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறுக்குவழி 2021 ஜனவரியிலிருந்து உண்டு. குழுவில் Export chat கொடுத்து, பகிரும் இடத்தில் டெலிகிராமையும் அங்கே உள்ள குழுவையும் தேர்ந்தெடுங்கள். அங்கே நீங்கள் அட்மினாக இருக்கவேண்டும். பழைய தேதியோடு செய்திகள் போய் உட்காரும். படத்தோடு என்றால் கடைசி 10,000 செய்தி, படமில்லாமல் 40,000, அவ்வளவுதான் வரும். உங்கள் கணக்குக்கு நூறு நாள் அல்லது பதின்மூன்று மாதம்.

வசந்தி, கே.ஆர்.புரம்: நான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கேபிள் போட்டு எல்லாவற்றையும் மாற்றினேனே, ஒன்றும் விடுபடவில்லை!

மீரா: அக்கா, நீங்கள் மாற்றியது போனை. இரண்டு பக்கமும் வாட்ஸ்அப்தான்.

கண்ணன்: வரம்பு வைத்ததும் பூட்டுதானே? ஐரோப்பாவில் சட்டம் போட்டுத் திறக்க வைத்தார்கள்.

மீரா: அங்கே திறந்தது ஆப் விட்டு ஆப் புதுச் செய்தி அனுப்புவதற்கு. அந்த வழியாகப் பழைய பேச்சு நகராது. ஆனால் வரம்பு விஷயத்தில் உங்களோடு சண்டை போடமாட்டேன். சிக்னல் ஆப்புக்குப் போக இந்தக் குறுக்குவழியும் கிடையாது. டெலிகிராமுக்குப் போனது வாட்ஸ்அப்புக்குத் திரும்பியும் வராது.

செந்தில், அனுப்பும் முன் Export chat தரும் டெக்ஸ்ட் ஃபைலை உங்களுக்கே மெயில் செய்து முதல் வரியின் தேதியைப் பாருங்கள். எங்கே வெட்டுப்பட்டது என்று தெரியும். அப்புறம், அதில் வருவது உங்கள் போனில் சேமித்த பெயர்கள். நான் ஒருவரை 'பி-304 பாக்கி' என்று வைத்திருந்தேன். புதுக் குழுவில் அவர் பேசியதெல்லாம் அந்தப் பெயரில் தெரிந்தது, அவர் உட்பட எல்லோருக்கும்.

கண்ணன்: இன்னொன்று. அத்தனை பேர் பேச்சையும் ஒருவர் தூக்கி அடுத்த சர்வரில் வைக்கிறாரே, கேட்டாரா? டெலிகிராம் குழுவில் முனைக்கு முனை மறையாக்கமும் கிடையாது.

மீரா: அது நியாயமான கேள்வி. விருப்பமில்லாதவர்களுக்காகத்தான் வாட்ஸ்அப் குழுவில் Advanced chat privacy என்ற செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் யாரும் எக்ஸ்போர்ட் செய்ய முடியாது.

செந்தில்: பார்த்துவிட்டேன். படத்தோடு எடுத்ததில் முதல் வரி இந்த வருடப் பொங்கல் வாழ்த்து. படமில்லாமல் எடுத்தால் போன மார்ச். 2019 பழைய போனிலேயே கிடக்கட்டும். இப்போது பெயர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், நாற்பது பேர் இருக்கிறார்கள்.