ரீஃபண்ட் அனுப்பிவிட்டதாகக் கடை சொல்கிறது, வரவில்லை என்கிறது பேங்க். எந்த நம்பரைச் சொல்லிக் கேட்பது?

வாய்க்கால்மேடு (கோபி), 18 அக்டோபர் 2025

வணக்கமுங்க. தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் வேண்டுமென்று அக்டோபர் 6ஆம் தேதி ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். டெபிட் கார்டில் ₹18,450 கட்டினேன். சரக்கு இல்லை என்று 8ஆம் தேதி அவர்களே கேன்சல் செய்துவிட்டு, "ரீஃபண்ட் ப்ராசஸ் ஆகிவிட்டது, 5 முதல் 7 வேலை நாளில் வரும்" என்று அன்றைக்கே எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். இரண்டாம் சனி, ஞாயிறு எல்லாம் கழித்துப் பார்த்தாலும் நேற்றோடு 7 வேலை நாள் முடிந்துவிட்டது.

கடைக்குப் போன் போட்டால் பேங்கைக் கேளுங்கள் என்கிறார்கள். பேங்கில் ஆர்டர் நம்பரைக் கொடுத்தேன், அதை வைத்து எதுவும் பார்க்க முடியாதாம். பணம் கட்டியபோது வந்த மெயிலில் ஆர்ஆர்என் என்று 12 இலக்க நம்பர் ஒன்று இருந்தது. கஸ்டமர் கேரில் அதைச் சொன்னதற்கு, "அந்தப் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்திருக்கிறது சார்" என்று பதில் வந்தது. பணம் போனது எனக்கும் தெரியும், திரும்பி வந்ததா என்றுதானே கேட்கிறேன். மோட்டார் இல்லாமல் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. இந்தப் பணம் வந்தால்தான் உள்ளூர்க் கடையில் வேறு வாங்க முடியும். நான் எந்த நம்பரைச் சொல்ல வேண்டும்?

ஈரோட்டுத் தறி

இதற்குச் சட்டமே இருக்கிறது அண்ணா. ஆர்பிஐ 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 5 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 பேங்க் கொடுக்க வேண்டும். பிராஞ்சில் மேனேஜரைப் பார்த்து எழுதிக் கொடுங்கள், அந்த நூறு ரூபாயையும் விடாமல் கேளுங்கள்.

கார்டு செக்‌ஷன் (கோவை)

ஈரோட்டுத் தம்பி சொல்கிற சுற்றறிக்கை உண்மைதான். ஆனால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு. அதாவது, உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்கோ பணம் வந்த உறுதியே போகவில்லை என்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளுக்கு ₹100. இங்கே கதை வேறு. பணம் கடைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, ஆர்டரும் பதிவாகி, அப்புறம் கடை கேன்சல் செய்திருக்கிறது. இது கடை கொடுக்கிற ரீஃபண்ட். அந்த நூறு ரூபாய் கணக்கு இதற்குப் பொருந்தாது. அதை வைத்துப் பிராஞ்சில் வாதாடினால் உங்கள் நேரம்தான் போகும்.

நான் ஒரு பேங்கின் கார்டு பிரிவில் பல வருஷம் செட்டில்மெண்ட் பார்த்தவள். கோபிக்காரருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பணம் கட்டும்போது ஓடிபி போட்டதும் உங்கள் பேங்குக்கு அந்த நொடியே கேள்வி போய், பதிலும் வந்துவிடுகிறது. ரீஃபண்ட் பெரும்பாலும் அப்படி நேரடியாகப் போவதில்லை. அது போன வழியே திரும்பி வருகிற பணமும் இல்லை, தனியாக ஒரு புதுப் பரிவர்த்தனை. கடைக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனம்தான் பேமெண்ட் கேட்வே, அதில் கடை ரீஃபண்ட் பட்டனை அழுத்துகிறது. கேட்வே அதைக் கடையின் பேங்குக்கு அனுப்புகிறது. அந்தப் பேங்க் அன்றைய ரீஃபண்டுகளை எல்லாம் ஒரே கோப்பாகச் சேர்த்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று அந்தந்த நெட்வொர்க்குக்கு அனுப்பும். நெட்வொர்க் அதைப் பிரித்து உங்கள் பேங்குக்குக் கொடுக்கும். உங்கள் பேங்க் அதை உங்கள் கார்டோடு பொருத்திப் பார்த்து வரவு வைக்கும். ஒவ்வொரு இடத்திலும் அன்றைய கோப்பு போய்விட்டால் அடுத்த கோப்புக்குத்தான் காத்திருக்க வேண்டும். நடுவில் விடுமுறை வந்தால் அதுவும் சேரும்.

இப்போது நம்பருக்கு வருவோம். ஆர்டர் நம்பர் கடைக்கு மட்டும்தான் தெரியும். கேட்வேயின் பேமெண்ட் ஐடி, ரீஃபண்ட் ஐடி இரண்டும் கடைக்கும் கேட்வேக்கும் தெரியும். பேங்குக்கு இவை எதுவும் தெரியாது. நீங்கள் கொடுத்த 12 இலக்க ஆர்ஆர்என் பேங்குக்குப் புரிகிற நம்பர்தான், ஆனால் அது நீங்கள் பணம் கட்டிய பரிவர்த்தனையின் நம்பர். அதைத் தேடினால் வெற்றி என்றுதான் காட்டும். கஸ்டமர் கேர் பெண் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது ரீஃபண்டின் ஏஆர்என், திரையில் `ARN` என்று இருக்கும். மொத்தம் 23 இலக்கம். கடையின் பேங்க் ரீஃபண்டை நெட்வொர்க்குக்கு அனுப்பும்போதுதான் அந்த நம்பரே பிறக்கிறது. கடைக்காரரிடம் ஏஆர்என் இல்லை என்றால் பணம் இன்னும் அந்தப் பக்கத்தை விட்டுக் கிளம்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போன் வேண்டாம், மெயில் போடுங்கள். ஆர்டர் நம்பர், பணம் கட்டிய தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம் போதும். "ரீஃபண்டின் ஏஆர்என் வேண்டும், ரீஃபண்ட் ஐடி மட்டும் போதாது" என்று தெளிவாக எழுதுங்கள்.

தாராபுரம் ரோடு

எனக்கும் இதே பிரச்சினைங்க. யூபிஐயில் நம்பர் மாறி வேறு யாருக்கோ ₹2,000 போய்விட்டது. இந்த ஏஆர்என் நம்பரை நான் எங்கே வாங்குவது?

கார்டு செக்‌ஷன் (கோவை)

உங்களுடையது ரீஃபண்டே இல்லைங்க, கார்டும் இல்லை. அதில் ஏஆர்என் இருக்காது. யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று தெரியும். அதைக் காட்டிச் செயலியிலும் உங்கள் பேங்கிலும் இன்றைக்கே புகார் பதியுங்கள். வாங்கியவர் ஒத்துக்கொண்டால்தான் திரும்ப வரும். தனியாக ஒரு கேள்வி போடுங்கள், இதில் கலக்க வேண்டாம்.

பனியன் கடை (திருப்பூர்)

நான் ஆன்லைனில் டீ சர்ட் விற்கிறேன். கடைக்காரர் பக்கத்தில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். நாங்கள் ரீஃபண்ட் பட்டனை அழுத்தியதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் தானாகவே போய்விடும். ஆனால் அந்தப் பணம் கேட்வேயில் எங்களுக்கு வர வேண்டிய தொகையிலிருந்துதான் கழியும். அங்கே போதுமான இருப்பு இல்லாவிட்டால் ரீஃபண்ட் அப்படியே நிற்கும். புது விற்பனை வர வேண்டும், இல்லை நாங்கள் பணம் போட வேண்டும். தீபாவளி நேரத்தில் சரக்குக்கும் போனஸுக்கும் பணம் போய்விடுவதால் இது நிறைய நடக்கிறது. நல்ல கடைகள் உடனே பணம் போட்டுவிடும்.

ரீஃபண்ட் பக்கத்தைத் திறந்தால் ஏஆர்என் கட்டம் முதலில் காலியாக இருக்கும். கிளம்பிய பிறகு ஓரிரு நாளில் நிரம்பும். கஸ்டமர் கேரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அந்தப் பக்கமே தெரியாமல் இருக்கலாம். அக்கவுண்ட்ஸ் ஆளிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி), 22 அக்டோபர்

அக்கா சொன்ன மாதிரியே மெயில் போட்டேன். முதலில் ரீஃபண்ட் ஐடியைத்தான் அனுப்பினார்கள். திருப்பூர்க்காரர் சொன்னதுபோல் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள் என்று திரும்ப எழுதியதும் இன்று காலை 23 இலக்க நம்பர் வந்துவிட்டது. சில இலக்கங்களை மறைத்துப் போடுகிறேன்.

```
7XXXXXX5290XXXXXXXXXXXX
```

இன்னும் பணம் வரவில்லை. இதை வைத்து ஏதாவது தெரிகிறதா?

கார்டு செக்‌ஷன் (கோவை)

நன்றாகவே தெரிகிறது. முதல் இலக்கத்தையும், அடுத்து வரும் ஆறு இலக்கத்தையும் விடுங்கள். அந்த ஆறு, கடையின் பேங்கைக் குறிப்பது. அதன் பிறகு வரும் நான்கு இலக்கம் தேதி. 5 என்பது 2025இன் கடைசி இலக்கம், 290 என்பது ஆண்டின் 290ஆவது நாள். செப்டம்பர் 30 என்பது 273ஆவது நாள். மேலே 17 கூட்டினால் அக்டோபர் 17.

எஸ்எம்எஸ் வந்தது 8ஆம் தேதி. ரீஃபண்ட் கிளம்பியதோ 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஆகவே உங்கள் 7 வேலை நாளை 17இலிருந்து எண்ணுங்கள். நடுவில் ஞாயிறும், 20ஆம் தேதி தீபாவளியும் போய்விட்டன. பணம் வழியில் இருக்கிறது, தொலையவில்லை.

27ஆம் தேதி வரை பாருங்கள். வரவில்லை என்றால் பிராஞ்சுக்குப் போகாமல் உங்கள் பேங்கின் கார்டு பிரிவுக்குப் புகார் கொடுங்கள். ஏஆர்என், தொகை, கடையின் பெயர், கார்டின் கடைசி 4 இலக்கம் நான்கையும் எழுதி, "இந்த ஏஆர்என்னுக்கு வரவு வந்ததா, வந்திருந்தால் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில்" என்று கேளுங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வரவில்லை என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக் கடைக்கு அனுப்புங்கள், கடை கேட்வே மூலமாகத் தன் பேங்கில் தேடச் சொல்ல வேண்டும். பேங்க் பதிலே சொல்லாமல் 30 நாள் போனால் cms.rbi.org.in தளத்தில் ஆர்பிஐயின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கடை ஏஆர்என்னே தராமல் இழுத்தடித்தால் வழி வேறு. ரீஃபண்ட் தருவதாக ஒத்துக்கொண்ட எஸ்எம்எஸ்ஸைக் காட்டி, பேங்கிடம் சார்ஜ்பேக் கேட்க வேண்டும், அதாவது கடையிடமிருந்து பணத்தைப் பேங்க் மூலமாகவே திருப்பி வாங்கக் கேட்பது. அதற்குக் கால வரம்பு உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்தேன். ரீஃபண்ட் வருவதற்கு உங்களிடம் ஓடிபியோ, கார்டின் பின்பக்க எண்ணோ, எந்தச் செயலியோ தேவையே இல்லை. கேட்டு யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள்.

பொள்ளாச்சி டீச்சர்

நல்ல விளக்கம். என்னுடையது கிரெடிட் கார்டு. ஃப்ரிட்ஜை இஎம்ஐயில் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏஆர்என் இருக்கிறது, முழுத் தொகையும் கார்டில் வரவாகிவிட்டது. ஆனால் இந்த மாதமும் இஎம்ஐ பில்லில் வந்திருக்கிறது. கட்டாமல் விடலாமா?

ஈரோட்டுத் தறி

வரவு வந்துவிட்டதே, அதில் கழிந்துவிடும். கட்ட வேண்டாம் டீச்சர்.

கார்டு செக்‌ஷன் (கோவை)

அப்படி நம்பி விடாதீர்கள். ரீஃபண்ட் வந்ததால் இஎம்ஐ தானாக ரத்தாகிவிடும் என்று சொல்ல முடியாது. பல பேங்குகளில் நீங்களே கேட்டு மூட வேண்டியிருக்கும். கெடு தேதிக்குள் பில்லில் உள்ளதைக் கட்டிவிட்டு, அதே ஏஆர்என்னைச் சொல்லி இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்லுங்கள். கட்டிய தொகை உங்கள் கார்டிலேயே வரவாக நிற்கும். ப்ராசஸிங் கட்டணத்தையும் இதுவரை போட்ட வட்டியையும் திருப்பித் தருவார்களா என்பது பேங்குக்குப் பேங்கு மாறும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

வாய்க்கால்மேடு (கோபி), 24 அக்டோபர்

இன்று ₹18,450 வந்துவிட்டதுங்க. பாஸ்புக்கில் கடையின் பெயரே இல்லை, கேட்வேயின் பெயர்தான் இருக்கிறது. தொகையை வைத்துத் தேடித்தான் கண்டுபிடித்தேன். 8ஆம் தேதி அனுப்பியதாகச் சொன்னது ஏன் 17ஆம் தேதி கிளம்பியது என்று கடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அக்காவுக்கும் திருப்பூர் அண்ணாவுக்கும் ரொம்ப நன்றிங்க.

பொள்ளாச்சி டீச்சர்

பில்லைக் கட்டிவிட்டேன். இஎம்ஐயை மூடக் கோரிக்கை எண் கொடுத்திருக்கிறார்கள். வட்டியைப் பற்றிக் கேட்டால் அடுத்த பில்லில் பாருங்கள் என்கிறார்கள். யாருக்காவது வட்டி திரும்ப வந்திருந்தால், என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.