தோப்பின் டிரோன் படம் 2 ஏக்கர் 95 சென்ட் என்கிறது, மரக் கணக்கு ஒத்து வரவில்லை. உதவி தேவை

துபாய்வாசி: வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்திருக்கிறது. தரகர் வாட்ஸ்அப்பில் ஒரு டிரோன் படம் அனுப்பினார். மஞ்சள் கோட்டில் எல்லை வரைந்து, கீழே ஒரு அளவுகோலும் "2 ஏக்கர் 95 சென்ட்" என்றும் போட்டிருக்கிறது. போன ஜனவரியில் எடுத்த படமாம். எண்ணிப் பார்த்தேன், வரிசைக்கு 11 மரமாக 13 வரிசை, மொத்தம் 143. எட்டாவது வரிசைக்குப் பக்கத்தில் வரப்பு ஓர் அடி விலகி, வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. நேரில் போக முடியாத நிலை. இந்தப் படத்தை நம்பலாமா?

தோட்டக்காரன்: தென்னைக்கு 25 அடி இடைவெளி. ஏக்கருக்கு 70 மரம். 143 மரம் என்றால் 2 ஏக்கர்தான். ஏமாற்று வேலை தம்பி, விட்டுவிடுங்கள்.

மல்லிகா: எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டார். டிரோன் படம் எடுத்து அவரிடம் காட்டினால் போதுமா சார்?

வானளவு: மல்லிகாம்மா, உங்கள் கதை வேறு. எல்லைக்குப் புலப்படத்தை வைத்து சர்வேயர்தான் அளக்க வேண்டும். படத்தில் வேலி எங்கே இருக்கிறது என்று தெரியும், எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாது.

துபாய் தம்பி, தோட்டக்காரர் சொன்னது பாதி சரி. 25 அடி என்பது வழக்கம், எல்லாத் தோப்பிலும் அப்படி நடுவதில்லை. 30 அடி இடைவெளி என்றால் அதே 143 மரத்துக்கு 2 ஏக்கர் 95 சென்ட் சரியாகவே வரும். இடைவெளியை அளக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஊரில் ஆள் இருந்தால் டேப் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதல் மரத்தின் அடியிலிருந்து பதினொன்றாவது மரத்தின் அடிவரை நீளவாக்கிலும், குறுக்குவாக்கிலும். படத்திலும் அதே தூரத்தை அளவுகோலை வைத்துப் பாருங்கள். அடிமரம் தெரிகிற இடத்தில் அளங்கள், கொண்டை உயரத்தில் இருப்பதால் ஓரத்து மரங்களில் அது வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும்.

அப்புறம் அந்த வரப்பு. விலகுகிற இடத்துக்கு இருபுறமும் வரிசைகளை மரம் மரமாக ஒப்பிடுங்கள். ஒரே குறை இரண்டு வரிசையிலும் இருந்தால் அது ஒரே வரிசை, இரண்டு முறை வந்திருக்கிறது.

துபாய்வாசி: அண்ணா, கை நடுங்குகிறது. எட்டாவது வரிசையில் நாலாவது மரம் இல்லை, குழிக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த மட்டை கிடக்கிறது. ஒன்பதாவது வரிசையிலும் நாலாவது மரம் இல்லை, அதே மட்டை, அதே வளைவு! சித்தப்பா மகனை அனுப்பியிருக்கிறேன்.

நிழலையும் பார்த்தேன். தோப்புக்கு வடக்கே தார்ச்சாலை. மர நிழல் குட்டையாக, சாலைக்கு எதிர்ப்பக்கம் விழுகிறது.

வானளவு: அப்படியானால் ஜனவரி இல்லை. அந்த மாதம் நம் ஊரில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கம்தான் நிற்கும், நிழல் தெற்கே விழவே விழாது. குட்டை நிழல் தெற்கே சாய்ந்தால் பொள்ளாச்சியில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்குள். எந்த வருஷம் என்பது நிழலில் தெரியாது. கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, மோட்டார் அறை, புதுக் கம்பிவேலி எப்போது வந்தது என்று பாருங்கள்.

தோட்டக்காரன்: சாலை வடக்கேதான் என்று உறுதியா? படத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம்.

துபாய்வாசி: உறுதி ஐயா, தம்பி அங்கேயே நின்று சொன்னான். அவன் அளந்தது: பத்து இடைவெளி இரு பக்கமும் 250 அடி. படத்து அளவுகோலில் அதே தூரம் 300 அடி. மரக்குழியையும் சேர்த்து 12 வரிசைதான், 132.

வானளவு: நீளத்தில் 20 சதவீதம் கூட்டினால் பரப்பில் 44 சதவீதம் கூடிவிடும். அதோடு ஒரு வரிசை இலவசம். 132 மரத்துக்கு 25 அடி வீதம் 82,500 சதுர அடி, 1 ஏக்கர் 89 சென்ட்.

இப்படிப் பெரிய படம் பல தனிப் படங்களை ஒட்டிச் செய்வது. மென்பொருளில் ஒட்டினால் அது ஜிபிஎஸ்ஸிலிருந்து அளவு எடுக்கும். இடம் சில மீட்டர் தள்ளலாம், அளவு 20 சதவீதம் மாறாது. யாரோ கையால் ஒட்டிப் பறந்த உயரத்தை வைத்து அளவுகோல் வரைந்திருக்கலாம். ரிமோட் காட்டும் உயரம் டிரோன் கிளம்பிய இடத்திலிருந்து. தோப்பு மேட்டில் இருந்தால் உண்மை உயரம் குறைவு, பரப்பு பெரிதாகத் தெரியும். தெரியாமல் செய்தார்களா, தெரிந்தேவா என்று இந்த ஜேபெக்கில் கண்டுபிடிக்க முடியாது. அசல் `.tif` கோப்பும், ஒட்டாத தனிப் படங்களும் கேளுங்கள்.

துபாய்வாசி: கேட்டேன். "கேமராக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார் தரகர், இரண்டு நாளாகப் பதில் இல்லை. தோப்புக்குத் தெற்கே மரமில்லாத துண்டு நிலம் ஒன்று இருக்கிறது, அதுவும் சேர்ந்ததுதான் என்கிறார்கள். சர்வே எண்ணை வாங்கிப் புலப்படம் எடுக்கப் போகிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.