ரிட்டர்ன் வந்த சேலையை வெளி குடோனில் எப்படிப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

சேலை_ஈரோடு

மூன்று மாதமாக மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் காட்டன் சேலைகள் ஒசகோட்டே பக்கம் ஒரு வெளி குடோனில் இருக்கின்றன. ரிட்டர்ன் வாங்கி, பார்த்து, ரேக்கில் வைப்பதும் அவர்கள்தான். மதுரையிலிருந்து ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். டேக் தொங்குகிறது, ஆனால் உள்முனையில் ஜாக்கெட் பிட் இல்லை. கத்தரித்த விளிம்பில் நூல் பிரிந்து நிற்கிறது. மகள் வளைகாப்புக்கு வாங்கியது. டேக்கில் உள்ள தனி நம்பரைத் தேடினால், அந்தச் சேலை ஏற்கெனவே ஒருவரிடம் போய்த் திரும்பியிருக்கிறது.

நேரே போய் ரிட்டர்ன் மேசைப் பக்கம் அரை நாள் நின்றேன். தம்பி கவரைக் கிழித்தார், டேக்கைப் பார்த்தார், ஸ்கேன் செய்தார், ஏ கிரேடு, ரேக். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கோபம் வந்தது. அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் தாளைப் பார்த்தேன்: "டேக் இருந்து, கறை இல்லாவிட்டால் ஏ." நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் அப்படியே செய்கிறார்.

இப்போது தராசு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சேலை ஐந்தரை மீட்டர், பிட் 80 சென்டிமீட்டர், மொத்தம் 6.3. முழுச் சேலை சுமார் 510 கிராம். பிட் போனால் 65 கிராம் குறையும். 490-க்குக் கீழே வந்தால் ரேக்குக்குப் போகக் கூடாது. நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

குர்தி_திருப்பூர்

தராசெல்லாம் வேண்டாம். டேக்கைக் கழுத்துக்கு முன்னால் பெரிதாக, அறுத்தால் திரும்ப மாட்ட முடியாத லூப்பில் போடுங்கள். அதோடு யாரும் வெளியே போட்டுப் போக முடியாது. எங்களுக்குப் போட்டுவிட்டு அனுப்பும் ரிட்டர்ன் பாதியாகக் குறைந்தது. டெலிவரி ஆகாமலே திரும்பும் பார்சலைத் திறக்கவே வேண்டாம், நேரே ஸ்டாக்கில் ஏற்றலாம்.

குடோன்ல_9வருஷம்

குர்தி நண்பரே, குர்திக்கு அது சரி. சேலையில் டேக் முந்தியில் இருக்கும், கத்தரி படுவது மறுமுனையில். டேக்கைத் தொடாமலே பிட்டை எடுத்துவிடலாம். டெலிவரி ஆகாத பார்சலையும் திறந்துதான் ஆக வேண்டும். சேலை இருக்க வேண்டிய கவரில் பழைய பனியன் வந்ததை என் கையால் பிரித்திருக்கிறேன். டேப் மேல் டேப் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான் அடையாளம்.

ஈரோட்டுக்காரம்மா, தராசு நல்ல யோசனை. ஆனால் 490 என்று நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள். பருத்தி ஈரம் குடிக்கும். அடைமழை நாளில் அதே சேலை 15, 20 கிராம் ஏறும். பிட்டை வெட்டியவர் ஃபால்ஸும் தைத்திருந்தால் அது 25 கிராம் போல வரும். 445 ஆக வேண்டியது 490 காட்டி, உங்கள் கோட்டைத் தாண்டிவிடும். தினமும் காலையில் அதே லாட்டில் பிரிக்காத சேலை ஒன்றைப் பக்கத்திலேயே கவரில்லாமல் வைத்து, அதோடு ஒப்பிட்டு எடை போடச் சொல்லுங்கள். வித்தியாசம் 15 கிராமுக்கு மேல் இருந்தால், கூடினாலும் குறைந்தாலும் தனிப் பெட்டி.

அந்தப் பெட்டிதான் முக்கியம். மேசையில் இருப்பவரைக் கிரேடு போடச் சொல்லாதீர்கள். அவருக்குப் பீஸ் கணக்கில்தான் காசு. யோசிக்கிற நேரம் அவருக்கு நஷ்டம். மூன்று கேள்வி போதும். நம்பர் ஒத்துப் போகிறதா, எடை ஒத்துப் போகிறதா, உள்முனை நெய்த கரையோடு முடிகிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் புதுக் கவர், ரேக். ஒன்றுக்கு இல்லை என்றாலும் சந்தேகப் பெட்டி. பி-யா சி-யா என்பதைப் படம் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். அதுவரை கணினியில் அந்தப் பெட்டியின் இடம் விற்பனைக்குக் காட்டாத இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியில் கிடக்கும் சேலைக்கே ஆர்டர் விழுந்து, பேக்கிங் பையன் எடுத்துப் போய்விடுவான். கையால் வெட்டிய முனை, நெய்த முனை இரண்டையும் துண்டாக ஒரு அட்டையில் ஒட்டி மேசையில் கட்டிவிடுங்கள். எழுத்துத் தாளை யாரும் படிப்பதில்லை. பாதிப் பேருக்கு இந்தி மட்டும்தான் தெரியும்.

ராதா_சேலம்

நான் ஒரு சேலை திருப்பி அனுப்பி 19 நாள் ஆகிறது, பணம் வரவில்லை. இந்தச் சந்தேகப் பெட்டியில்தான் கிடக்கிறதா? யாரைக் கேட்பது?

குடோன்ல_9வருஷம்

அம்மா, விற்றவரிடம் கேளுங்கள், குடோனால் பணம் அனுப்ப முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயம். பெட்டிக்கு இரண்டு நாள் கெடு வைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சேலை_ஈரோடு

ஃபால்ஸ் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நாளையே ஒப்பிட்டு எடை போடச் சொல்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. போன வாரம் எடை, முனை எல்லாம் சரியாக வந்த சேலை ஒன்றில் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை. மேசைத் தம்பிக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அட்டைப்பெட்டித் தூசியில் நிற்கிறவர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வாசனைக்கு யாராவது வழி வைத்திருக்கிறீர்களா?

குர்தி_திருப்பூர்

எங்களுக்கும் அதுதான் பிரச்சினை. இதுவரை வழி கிடைக்கவில்லை.